பில்லிங் சிஸ்டம் ஒரு தொகை, சேல்ஸ் ரிஜிஸ்டர் இன்னொரு தொகை: ஆடிட்டருக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

அக்கவுண்ட்ஸ் வேலைல சேர்ந்து முதல் வருஷம் முடியுற நேரத்துல நிறைய பேருக்கு வர்ற மெயில் இது: "மார்ச் மாத விற்பனை பில்லிங் ரிப்போர்ட்டுக்கும் ரிஜிஸ்டருக்கும் ஒத்துப்போகலை. வித்தியாசத்தை விளக்கி, அட்ஜஸ்ட்மென்ட் பட்டியலோட ஒரு நோட் அனுப்புங்க." சம்பளம், எஸ்ஐபி பத்தி பேசுற நம்ம பக்கத்துல இது எதுக்குன்னு கேட்கலாம். அந்த நோட்டோட அடியில "தயாரித்தவர்"னு உங்க பேர்தான் போகும். அதனால ஒரு தடவை ஒழுங்கா பார்த்துடுவோம்.

ஒரு எடுத்துக்காட்டு கடையை வச்சுக்கலாம். திருவதிகையில, பண்ருட்டி ரோட்டுல ஒரு முந்திரிப் பருப்புக் கடை. முன்னாடி சில்லறை கவுண்ட்டர், பின்னாடி குடோன்ல இருந்து சென்னைக்கும் பாண்டிக்கும் டின் கணக்குல மொத்த வியாபாரம். கடையும் கணக்கும் விளக்கத்துக்காக நான் போட்டது, ஆனா இந்த ஊர்ப்பக்கம் எந்தக் கடையில வேணும்னாலும் இப்படித்தான் இருக்கும். கவுண்ட்டர்ல ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், ஆபீஸ்ல டேலி. தினமும் ராத்திரி பில்லிங்ல இருந்து ஒரு ஃபைல் எடுத்து டேலியில இம்போர்ட் பண்ணுவாங்க. மாசம் 18 லட்சம் விற்பனைன்னா வருஷத்துக்கு ரெண்டு கோடியைத் தாண்டும், ரொக்க வியாபாரமும் கணிசமா இருக்கும், அதனால வருமான வரிச் சட்டப்படி டாக்ஸ் ஆடிட் உண்டு.

மார்ச் 2025-க்கு பில்லிங் ரிப்போர்ட் காட்டுற மொத்தம் ரூ.19,42,500. டேலி சேல்ஸ் ரிஜிஸ்டர் காட்டுறது ரூ.17,99,950. வித்தியாசம் ரூ.1,42,550.

பார்த்ததும் பயப்பட வேண்டாம். முதல் கேள்வி: ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் கூட்டுதா? பில்லிங் ரிப்போர்ட் கஸ்டமர் கொடுத்த முழுத் தொகையைக் கூட்டுது, அதுல 5% ஜிஎஸ்டி இருக்கு. ரிஜிஸ்டர்ல வரி தனி லெட்ஜருக்குப் போயிடும், விற்பனை மதிப்பு மட்டும் இருக்கும். 19,42,500-ஐ 1.05-ஆல வகுத்தா 18,50,000. ஜிஎஸ்டி 92,500. இது தவறே இல்லை, ரெண்டு ரிப்போர்ட்டோட அளவுகோல் வேற, அவ்வளவுதான். முந்திரிக்கு எல்லாமே 5% வீதம்கிறதால இப்படி ஒரே வகுத்தல்ல முடிஞ்சுது. பல வீதம் கலந்து விக்கிற கடையில பில் வாரியா வரி இல்லாத மதிப்பை எடுத்துத்தான் ஒப்பிடணும்.

மிச்சம் ரூ.50,050. உண்மையான வேலை இங்கதான் ஆரம்பிக்குது.

நிறைய பேர் செய்யுறது, 50,050-க்கு ஒரு காரணம் தேடுறது. தேதி வாரியா பார்த்து, பெரிசா ஒரு வித்தியாசம் கிடைச்சா அதோட நிறுத்திடுவாங்க. 50,050-ங்கிறது நிகரத் தொகை. ஒரு பக்கம் கூடியதும் இன்னொரு பக்கம் குறைஞ்சதும் ஒண்ணையொண்ணு அடிச்சுட்டு மிஞ்சினது. நம்ம கடையில உள்ளே இருக்குற வித்தியாசங்களைக் குறி பார்க்காம கூட்டினா ரூ.1,05,050 வருது, அதாவது நிகரத்தைப் போல ரெண்டு மடங்கு. அதனால பில் வாரியாத்தான் பொருத்தணும்.

ரெண்டையும் எக்ஸெல்ல தனித்தனி ஷீட்டா எடுங்க. ரெண்டுலயும் A காலம் பில் நம்பர், B காலம் வரி இல்லாத மதிப்பு. பில்லிங் ஷீட்டுல C2, D2, E2-வுல இப்படிப் போடுங்க:

```
=SUMIFS(Register!$B:$B,Register!$A:$A,A2)
=B2-C2
=COUNTIF(Register!$A:$A,A2)
```

இங்க VLOOKUP போடாதீங்க. அது முதல்ல கிடைக்குற வரியை மட்டும் எடுத்துட்டு நின்னுடும். ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை பதிவாகி இருந்தா "சரியா இருக்கு"ன்னே காட்டும். SUMIFS ரெண்டையும் கூட்டும், COUNTIF 2-ன்னு சொல்லிடும்.

SUMIFS-லயும் ஒரு குழி இருக்கு. அது 0417-ஐயும் 417-ஐயும் ஒண்ணாத்தான் பார்க்கும். நம்ம கடையில ரெண்டு கவுண்ட்டர், A/0417, B/0417-ன்னு ரெண்டு வரிசை. சுத்தமா இருக்கட்டும்னு முன்னாடி இருக்குற எழுத்தை நீக்கிட்டீங்கன்னா ரெண்டு வெவ்வேற பில் ஒண்ணாயிடும். முழு நம்பரை அப்படியே வச்சுக்கோங்க.

அப்புறம் இதே வேலையை ரிஜிஸ்டர் பக்கம் இருந்தும் திருப்பிப் பண்ணணும். ஒரு பக்கம் இருந்து மட்டும் தேடினா, ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்குற பதிவு கண்ணுல படவே படாது. ரெண்டு தடவையும் முடிச்சதும் கையில மூணு பட்டியல் இருக்கும்: பில்லிங்ல மட்டும் இருக்குறது, ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்குறது, ரெண்டுலயும் இருந்தும் தொகை மாறினது. நம்ம கடையில முதல் பட்டியல்ல எட்டு பில், ரெண்டாவதுல ரெண்டு பதிவு, மூணாவதுல ஒரே ஒரு பில்.

எட்டு பில்லுல ஆறு, மார்ச் 31 ராத்திரி போட்டது. 2025 மார்ச் 31 ரம்ஜான், திங்கட்கிழமை. கடை வழக்கத்தைவிட நேரம் திறந்திருந்தது. ஒன்பது மணிக்கு டே-எண்ட் போட்டு ஃபைல் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் போட்ட ஆறு பில்லும் அடுத்த நாள் ஃபைல்ல போய், டேலியில ஏப்ரல் 1 தேதியில உட்கார்ந்துடுச்சு. மதிப்பு ரூ.41,200. மாசத்துக்கு நடுவுல இது நடந்தா யாருக்கும் கவலை இல்லை, அடுத்த நாளே தானா சரியாயிடும். மார்ச் 31-ல நடந்தா விற்பனை வேற நிதியாண்டுக்குப் போயிடுது. ஆடிட்டர் "கட்-ஆஃப்" செக் பண்றேன்னு வருஷக் கடைசி நாலஞ்சு நாளை மட்டும் கிளறுறது இதுக்குத்தான்.

இந்த ஆறு பில்லும் மார்ச்சுக்கு உரியதுன்னு எப்படி நிரூபிக்கிறது? பில்லுல அடிச்ச தேதி மட்டும் போதாது. சரக்கு எப்ப கைமாறுச்சுங்கிறதுதான் கேள்வி. சில்லறை விற்பனைன்னா பில் போட்டதும் கையில கொடுத்துடறோம். யுபிஐ ஸ்டேட்மென்ட்ல கஸ்டமர் பணம் அனுப்பின நேரம் மார்ச் 31 இரவுன்னு இருக்கும். பேங்க்ல செட்டில்மென்ட் மறுநாள் வந்திருக்கலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இதுவே மொத்த ஆர்டரா இருந்து, பில் மார்ச் 31-ல அடிச்சு, டின் எல்லாம் ஏப்ரல் 1 காலைலதான் லாரி ஏறிச்சுன்னா கதை மாறலாம். அங்க லாரி ரசீது தேதியையும், சரக்கு எந்த இடத்துல வாங்கினவர் பொறுப்புக்குப் போகுதுங்கிறதையும் பார்க்கணும்.

மீதி ரெண்டு பில் கேன்சல் ஆனவை. ஒண்ணு ரூ.9,500, இன்னொண்ணு ரூ.4,500. ரிப்போர்ட்ல கேன்சல் பில்லையும் சேர்த்துக் கூட்டுற செட்டிங் இருந்ததால மொத்தத்துல வந்துடுச்சு, டேலிக்குப் போகலை. இதைப் பார்த்ததும் "கேன்சல் பில், 14,000"ன்னு ஒரே வரியில எழுதி முடிக்கத் தோணும். எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப முக்கியமான இடம் இதுதான்.

கடைகள்ல பணம் காணாமப் போற பழைய வழிகள்ல ஒண்ணு, கஸ்டமர்கிட்ட ரொக்கம் வாங்கிட்டு, அவர் போனதும் பில்லை கேன்சல் பண்றது. அதனால கேன்சல் பில் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆதாரம் கேட்கணும். 9,500 பில் தெளிவா இருக்கு: 240 கிரேடுக்குப் பதிலா 320-ன்னு தப்பா அடிச்சுட்டாங்க, நாலு நிமிஷம் கழிச்சு அதே பேருக்கு சரியான பில் போட்டிருக்காங்க, பழைய பில்லோட கஸ்டமர் காப்பி ஃபைல்ல இருக்கு. 4,500 பில்லுக்கு மறு பில் இல்லை. "வாங்கலைன்னு போயிட்டார்"ங்கிறது கவுண்ட்டர்ல இருந்தவர் சொன்ன பதில். கஸ்டமர் காப்பி இல்லை.

சரி, எப்படிச் சோதிக்கலாம்? அன்னிக்கு ராத்திரி கல்லாப் பணம் சிஸ்டத்தோட சரியா இருந்துச்சுன்னு சொல்வாங்க. இது ஆதாரமே ஆகாது. பில்லை கேன்சல் பண்ணிட்டா சிஸ்டம் எதிர்பார்க்குற பணமும் குறைஞ்சிடுமே, யாராவது எடுத்திருந்தாலும் கல்லா சரியாத்தான் இருக்கும். யுபிஐ பட்டியல்ல 5% வரியோட சேர்த்து ரூ.4,725 வந்திருக்கான்னு தேடலாம். வரலை, ஆனா ரொக்கமா இருந்தா அங்க வராது. கடைசியா ஸ்டாக். கிலோ 900 ரூபாய்னா இது அஞ்சு கிலோ. மார்ச் 31 ஸ்டாக் எடுத்தப்ப அந்த கிரேடுல அஞ்சு கிலோ குறைஞ்சுதுன்னா சந்தேகம் வலுக்கும். ஆனா லூஸ்ல நிறுத்து விக்கிற சரக்குல மாசக் கடைசியில நாலு, ஆறு கிலோ ஏறக்குறைய வர்றது சகஜம்னா அதுவும் எதையும் உறுதியா சொல்லாது.

அப்ப நோட்டுல என்ன எழுதுறது? தெரிஞ்சதை எழுதுங்க, தெரியாததையும் எழுதுங்க. யாரையும் குற்றம் சாட்டுற வார்த்தை வேண்டாம், அவரும் நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். அதுக்காக ஆதாரம் இருக்குற பில்லோட ஆதாரம் இல்லாத பில்லைச் சேர்த்து மூடவும் வேண்டாம். ரெண்டு தனி வரி போடுங்க.

ஆடிட்டர் இவ்வளவு கேட்பாரான்னு நினைச்சா, சத்யம் கதையை ஞாபகப்படுத்திக்கோங்க. 2009 ஜனவரி 7-ல ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒத்துக்கிட்ட பிறகு விசாரணையில தெரிஞ்சது, ஹைதராபாத்ல அந்த கம்பெனியோட இன்வாய்ஸ் சிஸ்டத்துக்குள்ள 7,561 போலி இன்வாய்ஸ் இருந்தது. மதிப்பு சுமார் 5,117 கோடி ரூபாய். அதெல்லாம் விற்பனைக் கணக்குல சேர்ந்துச்சு, ஆனா சாதாரண யூசர் பார்க்குற திரையில தெரியாதபடி மறைச்சு வச்சிருந்தாங்க. அங்க இல்லாத விற்பனையைக் கூட்டினாங்க, நம்ம கவுண்ட்டர்ல பயம் நேர் எதிர், நடந்த விற்பனை காணாமப் போறது. ரெண்டுலயும் பாடம் ஒண்ணுதான்: திரையில வர்ற ரிப்போர்ட் எதையெல்லாம் வடிகட்டிட்டு வருதுன்னு தெரியாம அதை நம்பக் கூடாது. அதனால ஆடிட்டருக்கு அனுப்புற பில்லிங் டேட்டா, கேன்சல் பில்லும் சேர்ந்த முழுப் பட்டியலா, நம்பர் விட்டுப்போகாம இருக்கணும். ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் தொடர் வரிசையில இருக்கணும், ஜிஎஸ்டிஆர்-1-ல அட்டவணை 13-ல எத்தனை பில் கேன்சல்னும் சொல்லணும். அந்த எண்ணிக்கையோட உங்க நோட் ஒத்துப்போகுதான்னு அவர் கண்டிப்பா பார்ப்பார்.

ரிஜிஸ்டர்ல மட்டும் இருந்த ரெண்டுல ஒண்ணு கிரெடிட் நோட், ரூ.22,000. பாண்டி கடைக்காரர் ஈரம் பட்ட ரெண்டு டின்னைத் திருப்பி அனுப்பினார். டேலியில கிரெடிட் நோட் போட்டு விற்பனையைக் குறைச்சாச்சு, பில்லிங் சாஃப்ட்வேர்ல ரிட்டர்ன் பதிவு பண்ணலை. கணக்கு சரி, பில்லிங்தான் பின்தங்கி இருக்கு. கிரெடிட் நோட் காப்பியும், சரக்கு திரும்பி வந்த குடோன் ரசீதும் இணைச்சா போதும்.

இன்னொண்ணு M-3-ன்னு ஒரு கை வவுச்சர், ரூ.27,500. மார்ச் நடுவுல ஒரு நாள் பில்லிங் சிஸ்டம் படுத்துடுச்சு, அவசரத்துக்கு மூணு டின் விற்பனையை டேலியில கையாலயே பதிவு பண்ணினாங்க. சிஸ்டம் வந்ததும் அதே விற்பனைக்கு முறையா பில் போட்டு, அது ராத்திரி ஃபைல்ல மறுபடி வந்துடுச்சு. நம்பர் வேறங்கிறதால COUNTIF இதை டூப்ளிகேட்னு காட்டாது. திருப்பித் தேடினதாலதான் சிக்குச்சு. அதே பார்ட்டி, அதே தொகை, பக்கத்துப் பக்கத்து தேதி. ஆனா ஒரே கடைக்காரர் ஒரே வாரத்துல ரெண்டு தடவை மூணு மூணு டின் வாங்கவும் வாய்ப்பு இருக்கே? அதனால குடோன்ல சரக்கு ஒரு தடவைதான் வெளியே போச்சு, பணம் ஒரு தடவைதான் வந்துச்சு, பார்ட்டி அனுப்பின கணக்கு ஸ்டேட்மென்ட்லயும் ஒரு பில்தான்னு மூணையும் பார்த்துட்டுத்தான் டூப்ளிகேட்னு எழுதணும்.

கடைசிப் பட்டியல்ல ஒரு பில், வித்தியாசம் ரூ.350. பில்லிங்ல இருக்குறதைவிட டேலியில 350 கம்மி. இம்போர்ட் ஆன பிறகு யாரோ கையால குறைச்சிருக்காங்க, தள்ளுபடியா இருக்கலாம். எழுத்துல ஒண்ணும் இல்லை. "350 தானேப்பா, ரவுண்ட்-ஆஃப்ல தள்ளிடு"ன்னு மேல இருக்குறவர் சொல்வார். தள்ளாதீங்க. ரவுண்ட்-ஆஃப்னா பில்லுக்குச் சில பைசா, மாசம் முழுக்க நூத்துக்கணக்கான பில்லுல சிதறி இருக்கும். ஒரே பில்லுல 350 ரூபாய் ரவுண்ட்-ஆஃப் ஆகாது, ஆடிட்டருக்கு அது பார்த்ததும் தெரியும். விளக்கம் இல்லாத 350-ஐ அவர் சின்னத் தொகைன்னு விட்டுடுவார். பொய் விளக்கம் கொடுத்த 350-ஐப் பார்த்தா மத்த வரிகளையும் மறுபடி தோண்டுவார்.

இப்ப நோட். பக்கம் பக்கமா வேண்டாம்.

பெறுநர்: தணிக்கையாளர் அவர்கள்
பொருள்: மார்ச் 2025 விற்பனை, பில்லிங் அறிக்கைக்கும் சேல்ஸ் ரிஜிஸ்டருக்கும் உள்ள வேறுபாடு

ஐயா, 01.03.2025 முதல் 31.03.2025 வரை பில்லிங் அறிக்கையை (கேன்சல் பில்கள் உட்பட) சேல்ஸ் ரிஜிஸ்டருடன் பில் வாரியாக, இரு பக்கத்திலிருந்தும் ஒப்பிட்டோம். முடிவு கீழே.

| விவரம் | ரூ. |
|---|---|
| பில்லிங் அறிக்கை மொத்தம், வரியுடன் | 19,42,500 |
| கழிக்க: ஜிஎஸ்டி 5% | 92,500 |
| கழிக்க: கேன்சல், மறு பில் உண்டு | 9,500 |
| கழிக்க: கேன்சல், மறு பில் இல்லை | 4,500 |
| கழிக்க: கிரெடிட் நோட், பில்லிங்கில் பதியாதது | 22,000 |
| திருத்திய பில்லிங் மதிப்பு | 18,14,000 |
| சேல்ஸ் ரிஜிஸ்டர் மொத்தம் | 17,99,950 |
| கூட்ட: 31.03.2025 இரவு 6 பில்கள், ஏப்ரலில் பதிந்தவை | 41,200 |
| கழிக்க: வவுச்சர் M-3, இரட்டைப் பதிவு | 27,500 |
| திருத்திய ரிஜிஸ்டர் மதிப்பு | 18,13,650 |
| மீதி வேறுபாடு | 350 |

கணக்கில் செய்ய வேண்டிய திருத்தங்கள் இரண்டு. ஆறு பில்களை 31.03.2025 தேதிக்கு மாற்றுதல்: விற்பனை ரூ.41,200, ஜிஎஸ்டி ரூ.2,060 கூடும். வவுச்சர் M-3 நீக்கம்: விற்பனை ரூ.27,500, ஜிஎஸ்டி ரூ.1,375, வாடிக்கையாளர் நிலுவை ரூ.28,875 குறையும். நிகர விளைவு: விற்பனை ரூ.13,700, ஜிஎஸ்டி ரூ.685 கூடுதல்.

ஆதாரம் முழுமையாகாதவை இரண்டு. ரூ.4,500 கேன்சல் பில்லுக்கு வாடிக்கையாளர் காப்பி கிடைக்கவில்லை. யுபிஐ வரவு இல்லை. ஸ்டாக் கணக்கெடுப்பிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. ரூ.350 வேறுபாடு ஒரே பில்லில் உள்ளது. டேலியில் தொகை குறைக்கப்பட்டதற்கு எழுத்து அனுமதி இல்லை. இவை இரண்டுக்கும் திருத்தப் பதிவு செய்யவில்லை.

இணைப்பு: மூன்று பட்டியல்களும் அவற்றின் ஆதாரங்களும்.

இதுதான் நோட். இதுல கவனிக்க வேண்டியது, வித்தியாசம் எல்லாத்துக்கும் என்ட்ரி போடலை. கேன்சல், கிரெடிட் நோட் ரெண்டும் பில்லிங் ரிப்போர்ட் பக்கத்து விஷயம், கணக்குப் புத்தகம் ஏற்கெனவே சரியா இருக்கு. அதுக்கும் சேர்த்து என்ட்ரி போட்டா சரியா இருந்த விற்பனையும் கெட்டுடும். புதுசா வர்றவங்க அதிகம் தடுமாறுற இடம் இதுதான்.

ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பத்தி ஒண்ணு. டேலியை வச்சுத்தான் மார்ச் ரிட்டர்ன் போட்டிருப்பாங்க. அப்ப ஆறு பில்லும் ஏப்ரல் ரிட்டர்ன்ல போயிருக்கும். புத்தகத்துல தேதியை மாத்திட்டு ரிட்டர்ன்ல மறுபடி காட்டிட்டா வரி ரெண்டு தடவை போயிடும், பார்த்துக்கோங்க. தாமதமான 2,060-க்கு வருஷம் 18% வட்டின்னா ஒரு மாசத்துக்கு 31 ரூபாய், சில்லறைதான். M-3 கொஞ்சம் சிக்கல். மொத்த வியாபாரி ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்னா அவரோட 2பி-ல ஒரே சரக்குக்கு ரெண்டு இன்வாய்ஸ் தெரியும், அவர் வரி வரவையும் ரெண்டு தடவை எடுத்திருக்கலாம். அதை அவருக்கும் சொல்லி, அடுத்து போடுற ஜிஎஸ்டிஆர்-1-ல திருத்தணும்.

எக்ஸெல் ஃபைலை நோட்டோட அனுப்பும்போது ஃபார்முலாவோடயே அனுப்புங்க, மதிப்பா பேஸ்ட் பண்ணி அனுப்பினா ஆடிட்டர் எல்லாத்தையும் முதல்ல இருந்து போட்டுப் பார்க்க வேண்டி வரும். ரெண்டு ரிப்போர்ட்டையும் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னும் எழுதிடுங்க. நீங்க எடுத்த பிறகு யாராவது ஒரு பில்லை கேன்சல் பண்ணிட்டா உங்க மொத்தமும் அவர் எடுக்குற மொத்தமும் ஒத்துப்போகாது.